நரைக்கு 5.4 எண் தலைச்சாயம் போடச் சொன்னதற்கு ஒரு திருத்தம்

"நரை நிறைய இருந்தா 5.4 வாங்குங்க, செப்பு நிறம் நல்லா பிடிக்கும், நரையே தெரியாது."

பிடிக்கும்ங்க, தொல்லையே அதுதான். வெள்ளை முடியில் அடிநிறம் இல்லாததால், புள்ளிக்குப் பின்னால் வரும் 4, அதாவது செப்பு, அப்படியே பளிச்சென்று ஏறும். மன்னார்குடி அத்தைக்குப் பாதிக்குப் பாதி நரை. கல்யாணத்துக்கு முந்தின நாள் 5.4 போட்டார். நெற்றியோரம் காளவாயில் வெந்த செங்கல்; மற்ற கருமுடியில் மாற்றமே இல்லை.

புள்ளிக்கு முன்னால் உள்ள எண் கருமை அளவு: 1 கருப்பு, ஏற ஏற வெளிரும். நம்மூர்த் தலைமுடி பெரும்பாலும் 2, 3தான். நரையை மூடுவது .0 என்ற இயல்பு நிறம். அடுத்த முறை அத்தைக்கு 4.0 முப்பது கிராம், பொன் சாயல் கொண்ட 4.3 பதினைந்து கிராம் கலந்து, 20 வால்யூம் டெவலப்பரோடு போட்டோம். நரை அடர் பழுப்பானது, கருமுடியோடு ஒட்டிப்போனது.

1.0 போதும் என்ற அண்ணன் சொன்னது பாதி சரி. மூடும், ஆனால் இரண்டே வாரத்தில் வகிட்டில் வெள்ளைக்கோடு பளிச்சிடும்.

மருதாணி மேல் போடலாமா என்று கேட்ட அக்கா, அந்தப் பாக்கெட்டில் வேறென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சொல்ல முடியாது. பிடரியில் சின்னக் கற்றை வெட்டி, அதில் போட்டுப் பாருங்கள்.