துர்கா பார்க்காத ரயில்

‘பதேர் பாஞ்சாலி’ என்றதும் நம்மில் பெரும்பாலானோருக்கு நினைவில் வருவது நாணல் பூக்களுக்கு நடுவே அக்கா துர்காவும் தம்பி அப்புவும் ரயில் பார்க்க ஓடும் காட்சிதான். சத்யஜித் ரேயின் படம் 1955-இல் வந்தது. விபூதிபூஷண் பந்த்யோபாத்யாய எழுதிய மூல வங்காள நாவல் 1929-இல் நூலாக வந்தது. படத்தை முதலில் பார்த்துவிட்டு நாவலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நாவலில் அந்தக் காட்சியே கிடையாது. துர்கா கடைசி வரை ரயிலைப் பார்ப்பதில்லை.

காணாமல் போன கன்றுக்குட்டியைத் தேடிப் போகும் சாக்கில் அக்காவும் தம்பியும் ரயில் பாதையைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். சதுப்பில் வழி தவறி, களைத்து, எதையும் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். பிறகொரு நாள் அப்பாவோடு வெளியூர் போகும் அப்பு தண்டவாளத்தைக் கடக்கிறான். ரயில் வர நேரமாகும், அதுவரை காத்திருக்க முடியாது என்று அப்பா கூட்டிக்கொண்டு போய்விடுகிறார். காய்ச்சலில் கிடக்கும் துர்கா தம்பியிடம் கேட்பது, உடம்பு சரியானதும் ஒரு நாள் ரயிலைக் காட்டுகிறாயா என்றுதான். அவள் இறந்துபோன பிறகு, குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும்போதுதான் அப்பு ரயிலேறுகிறான். பின்னால் விலகிப்போகும் ஊரின் எல்லையில் அக்கா வாடிய முகத்தோடு நின்று, தங்கள் ரயிலையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல அவனுக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் என் ஓட்டு நாவலுக்குத்தான். ஒரு சின்ன ஆசை நிறைவேறாமலே நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கடந்து வருகிறது. இடையில் மாங்காய்க் காலம் வருகிறது, மழை வருகிறது, பசி வருகிறது. நாமே அந்த ரயிலை மறந்துவிடுகிறோம். மறந்த பிறகு அது திரும்பி வருவதால்தான் அப்படி வலிக்கிறது. இரண்டு மணி நேரப் படத்தில் ரயிலை மறப்பதற்குப் பார்வையாளனுக்கு அவகாசம் கிடையாது.

ரேக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால் அவர் வேறு வழியில் போனார். நாவலில் அப்பு கைக்குழந்தையாக இருக்கும்போதே இந்திர் பாட்டி இறந்துவிடுகிறாள். ரே அவளைப் பல வருஷம் கூடுதலாக வாழவைத்து, பிள்ளைகள் ரயில் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மூங்கில் தோப்பில் சாகவைக்கிறார். வாழ்வின் முதல் பெரிய வியப்பும் முதல் சாவும் ஒரே பொழுதில் வந்துவிடுகின்றன. கதையை மாற்றிவிட்டார் என்று சிலர் குறைப்படுவதை நான் ஏற்க மாட்டேன். காலத்தை நீட்டிக் காட்ட முடியாத ஊடகம், இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்து அந்தக் கனத்தை உண்டாக்கியிருக்கிறது.

இன்னொரு மாற்றத்தில் படம் நாவலைத் தாண்டியே போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் துர்கா திருடியதாகச் சொல்லி அவளை அடித்த பொருள் நாவலில் தங்கக் குங்குமச் சிமிழ். அவள் இறந்த பிறகு, ஊரை விட்டுப் போக மூட்டை கட்டும்போது அது அப்புவின் கையில் கிடைக்கிறது. யாருக்கும் சொல்லாமல் மூங்கில் புதரில் எறிந்துவிடுகிறான். ரே சிமிழை மணிமாலையாக்கினார், புதரைக் குளமாக்கினார். மாலை விழுந்த இடத்தில் பாசி விலகி, கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது. பிறகு பாசி மெல்லக் கூடி மூடிக்கொள்கிறது. தம்பி அந்த ரகசியத்தைக் காப்பான் என்பதை நாவலாசிரியர் சொற்களில் எழுதியாக வேண்டும். படத்தில் குளமே அதைச் செய்துவிடுகிறது.

அப்பா ஊர் திரும்பும் காட்சியும் அப்படித்தான். மகளுக்கு வாங்கிவந்த புடவையை ஹரிஹரர் நீட்டுகிறார். நாவலில் அம்மா சர்வஜயா வாய்விட்டுக் கதறி, மகள் இல்லை என்பதைச் சொல்கிறாள். படத்தில் அவள் வாய் திறக்கிறது, அழுகுரல் மட்டும் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியம் உச்ச ஸ்தாயியில் ஒலிக்கிறது. ரவிசங்கரின் இசை. எழுத்தில் ஓர் அழுகையை எழுதலாம், எழுதாமலும் விடலாம். அழுகிற முகத்தைக் காட்டிக்கொண்டே குரலை மட்டும் எடுத்துவிடுவது சினிமாவால் மட்டுமே ஆகிற காரியம்.

முடிவில் மறுபடியும் நாவல் பக்கம்தான் சாய்கிறேன். படம் குடும்பம் மாட்டு வண்டியில் கிளம்புவதோடு நிற்கிறது. நாவலோ காசிக்குப் போய், அங்கே ஹரிஹரரின் சாவையும் தாண்டிப் போகிறது. ரே அந்தப் பகுதியை 1956-இல் ‘அபராஜிதோ’வில் எடுத்துக்கொண்டார். நாவலின் கடைசியில் ஊருக்குத் திரும்ப ஏங்கும் அப்புவிடம் பாதையின் தெய்வம் சிரித்துக்கொண்டே பேசுகிறது. என் பாதை உங்கள் ஊர் மூங்கில் தோப்போடு முடிந்துவிடவில்லை, முட்டாளே என்கிறது. இந்தக் குரலைத் திரையில் எந்த நடிகரின் வாயில் வைத்தாலும் பிரசங்கமாகிவிடும். எழுத்தில் அது விபூதிபூஷணின் குரலாகவும் காட்டின் குரலாகவும் ஒரே நேரத்தில் கேட்கிறது.

இரண்டையும் இன்னும் தொடாதவர்கள் நாவலில் இருந்து தொடங்குங்கள். படத்தை முதலில் பார்த்துவிட்டால், துர்கா அந்த ரயிலைப் பார்த்தவளாகவே மனதில் பதிந்துவிடுவாள். அதன் பிறகு அவளுடைய கேள்வியை நாவலில் வாசிக்கும்போது பாதி வலிதான் மிஞ்சும்.