எஸ்பிரெஸ்ஸோ காபி மேல நிக்கிற நுரை, அதாவது க்ரெமா, தடிமனா இருந்தா ஷாட் நல்லதா?

"க்ரெமா தடிமனா, ரெண்டு நிமிஷம் கலையாம நின்னா எக்ஸ்ட்ராக்‌ஷன் பக்கா. மெல்லிசா இருந்தா ஷாட் வேஸ்ட்"னு பலர் சொல்றாங்க.

அப்படி இல்லைங்க. அந்த நுரையைத் தூக்கி நிறுத்துறது பெரும்பாலும் வறுக்கும்போது கொட்டைக்குள்ள சிக்கின கார்பன் டை ஆக்சைடு. வறுத்து நாலே நாள் ஆன அராபிகா பை ஒண்ணுல 18 கிராம் தூள் போட்டு, 28 செகண்டுல 36 கிராம் காபி எடுத்தேன். விரல் தடிமனுக்கு க்ரெமா. குடிச்சா சுரீர்னு புளிப்பு. அதே பை மூணு வாரம் கழிச்சு வேகமா ஓட ஆரம்பிச்சுது. அரைப்பைக் கொஞ்சம் நைஸாக்கி அதே எடை, அதே நேரத்துக்குக் கொண்டுவந்தேன். மேலே மெல்லிய படலம்தான், ஒரு நிமிஷத்துல நடுவுல கருப்பு தெரிஞ்சுது. ஆனா இனிப்பா, எந்த ருசியும் தூக்கலா இல்லாம இருந்தது இந்த ஷாட்தான்.

ரோபஸ்டா கொட்டை கலந்திருந்தா நுரை இன்னும் கெட்டியா, ரொம்ப நேரம் நிக்கும். அதுவும் ருசிக்குச் சான்று இல்ல.

ஒருத்தர் "க்ரெமா வெளிறிப்போனா தண்ணி வேகமா ஓடிருக்கு"ன்னது பாதி சரி. நேத்து செம்பழுப்பா வந்த அதே பை இன்னைக்கு வெளிறி, சட்டுனு கலைஞ்சா அரைப்பைப் பாருங்க. வேற பையோட ஒப்பிட்டா அர்த்தமில்ல. லைட் ரோஸ்ட் இயல்பாவே வெளிர்.

அடுப்புல வைக்கிற மோகா பாட்ல க்ரெமா வரலைன்னு கேட்டவருக்கு: அதோட அழுத்தத்துக்கு வராது, உங்க மேல தப்பில்ல.

க்ரெமா தனியா நக்கிப் பாத்தா கசக்கும். நான் கலக்கிட்டுக் குடிப்பேன், என் நண்பர் வழிச்சுப் போட்டுடுவார். இன்னும் சண்டை ஓயல.