அசல் தோற்றது, என் முனகல் வென்றது

ஒரு பாட்டு நான்கு நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. படத்தின் பெயர் தெரியாது. மழையில் நனைந்த ஜன்னலோரம் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். பாட்டு பாதியில் தொடங்கி பாதியில் நின்றுவிடும். அந்தக் காட்சித் துணுக்கு மட்டும் இணையத்தில் கிடைத்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்து, பாட்டை அடையாளம் காட்டும் செயலியிடம் அதைப் போட்டுக் காட்டினேன். மூன்று முறையும் கைவிரித்தது.

காரணம் பிறகுதான் உறைத்தது. அந்த வகைச் செயலி பாட்டைக் கேட்பதில்லை, ஒலிப்பதிவின் கைரேகையைப் பார்க்கிறது. எந்த நொடியில் எந்த அதிர்வெண் ஓங்கி ஒலிக்கிறது என்ற புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, அதே புள்ளிக்கோலம் தன் கிடங்கில் இருக்கிறதா என்று தேடும். மேலே யாராவது பேசினால்கூட ஓரளவு சமாளிக்கும். ஆனால் காப்புரிமைக் கண்காணிப்புக்குத் தப்புவதற்காகப் பதிவேற்றுபவர்கள் சிலர் சுருதியைச் சற்று ஏற்றிவிடுகிறார்கள். அரைக் கட்டை ஏற்றினாலே அதிர்வெண்கள் எல்லாம் சுமார் 6 சதவீதம் மேலே போய்விடும். கோலம் மொத்தமும் இடம் மாறிவிடும். என் துணுக்கில் கதாநாயகனின் அப்பா பேசும்போது குரல் சிறுவன் குரல்போலக் கீச்சிட்டதை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

வரிகளை வைத்துத் தேடலாம் என்றால், எனக்கு நினைவிருந்தவை ‘நிலவு’, ‘கண்ணே’ என்ற இரண்டு சொற்கள். அவற்றைக் கொடுத்தால் பாதித் தமிழ்த் திரையிசை வாசலில் வந்து நிற்கும்.

கடைசியில் முனகினேன். கூகுள் தேடலில் 2020 முதல் இந்த வசதி இருக்கிறது: ஒலிவாங்கியைத் தொட்டு, பாட்டைத் தேடு என்பதைத் தேர்ந்து, 10 முதல் 15 நொடி முனகினால் போதும். இது மெட்டின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே பார்க்கிறது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் அதற்குக் கவலையில்லை. ஆகவே சுருதி ஏறிய துணுக்கைக் கேட்டு முனகினாலும் பாதகமில்லை. என் தொண்டைக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைத்ததில்லை.

முதல் முயற்சியில் ஒரு தவறு செய்தேன். காட்சியில் பாட்டுக்கு முன்னால் வரும் வயலினைத்தான் முனகினேன். அது அந்தக் காட்சிக்கென்று போட்ட பின்னணி இசை, பாட்டின் பகுதியே அல்ல. வந்தவை எல்லாம் சம்பந்தமில்லாத பாடல்கள். பிறகு பாடகி பாடும் வரியை, சங்கதி எதுவும் போடாமல், ‘ன ன னா’ என்று இரண்டு முறை நேராக முனகினேன். பொருத்தச் சதவீதத்தோடு ஒரு பட்டியல் வந்தது. முதலிடத்தில் வந்த பாட்டு பல்லவியில் அச்சு அசலாக ஒத்துப்போனது, சரணத்தில் வேறு வழியில் போய்விட்டது. மூன்றாவதாக வந்ததில்தான் சரணத்துக்கு முந்தைய புல்லாங்குழலும் துணுக்கில் கேட்டபடியே இருந்தது.

வரிகளைத் தேடிப் படித்தேன். பாட்டில் நிலவும் இல்லை, கண்ணும் இல்லை. ‘நிலவு’ என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடிய சொல் ‘நினைவு’.