அந்தக் கோடு டேட்டா விட்டுப்போன இடம் இல்ல

"எம்ஆர்ஐ கேமரா மாதிரி புள்ளி புள்ளியா எடுக்குது, அம்மாவோட தலைப் படத்துல கோடு கோடா இருக்கு, அந்த இடத்து டேட்டா மட்டும் போச்சு."

தம்பி, நான் டர்பன்ல இந்த மெஷின் ஓட்டுறவன். சிக்னலைப் பிடிக்கிற காயிலுக்கு கண்ணு கிடையாது, தலை முழுக்க வர்ற சிக்னல் ஒண்ணா கலந்துதான் அதுக்குக் கேக்கும், கிரேடியன்ட், அதாவது இடத்துக்கு இடம் பலம் மாறுற காந்தப்புலம், போட்டா ஃப்ரீக்வென்சியும் அப்படியே மாறும், அதனால ஒவ்வொரு சாம்பிளும் தலை பூரா ஓடுற ஒரு அலை எவ்வளவு பலமா இருக்குன்னு சொல்லுது. 256-க்கு 256 எடுத்தா 65,536 அலை, இன்வர்ஸ் ஃபூரியர்ங்கிற கணக்கு எல்லாத்தையும் கூட்டினாதான் படம் வரும்.

இப்போ ஒரே ஒரு சாம்பிள்ல ஸ்பைக், அதாவது திடீர்னு ஒரு மின் இரைச்சல், விழுந்துச்சுன்னு வை, சாம்பிள் கட்டத்தோட நடுவுலேர்ந்து 32 படி தள்ளி, அந்த ஒரு அலை மட்டும் அளவுக்கு மீறிப் போய் 256/32, அதாவது 8 பிக்சலுக்கு ஒரு கோடுன்னு படம் முழுக்க ஒரே இடைவெளியில வரும். தலைக்கு வெளிய கறுப்பா இருக்கிற காத்துலயும் கோடு ஓடுதான்னு பாரு, ஓடினா பெரும்பாலும் இதுதான்.

மேல கமென்ட்ல ஒரு அக்கா நடுவுல இருக்கிற சாம்பிள்கள் மட்டும் எடுத்தா போதும்னது பாதி சரி, வெளிச்சம் இருட்டு வரும், ஆனா ஓரம் மழுங்கிடும்.

ஸ்பைக் லூஸ் கேபிளா ஸ்டாட்டிக்கான்னு இங்கேருந்து சொல்ல முடியாது.