தோல் எந்தப் பகுதியில் இருக்கிறதோ, அங்கே மட்டும் தோல் என்று எழுதுங்கள்

ஆன்லைனில் பை விற்கிற தெரிந்தவர்கள் சிலர், பதிவேற்றும் முன் விவரக்குறிப்பை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். பத்தில் பாதியில் தலைப்பே "ஜெனுயின் லெதர் லேப்டாப் பேக்" என்றுதான் இருக்கும். பையைத் திறந்து பார்த்தால் தோல் இருப்பது முன்பக்கத்தில் மட்டும். பொய் என்று முழுசாகச் சொல்லவும் முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் எனக்கு வருத்தம். பையில் தோல் இருக்கிறது என்பதும் பை தோலால் ஆனது என்பதும் ஒன்றல்ல.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், 10 செ.மீ. கனம் உள்ள ஒரு சாதாரண லேப்டாப் பை. முன்பக்கம் 1200 சதுர செ.மீ., பின்பக்கம் 1200. இரண்டு ஓரங்களும் சேர்ந்து 600, அடிப்பாகம் 400. மொத்தம் 3400. முன்பக்கம் மட்டும் தோல் என்றால் வெளிப்பரப்பில் சுமார் 35 சதவீதம்தான் தோல். மீதி பியூ ஷீட், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசிய செயற்கைத் தோல். உள்ளே பாலியஸ்டர் லைனிங். ஐரோப்பாவில் செருப்பு, ஷூவுக்கு 1994இல் ஒரு லேபிள் விதி வந்தது. மேல்பாகத்தின் பரப்பில் குறைந்தது 80 சதவீதம் எந்தப் பொருளோ அதன் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தப் பொருளும் 80 சதவீதத்தைத் தொடவில்லை என்றால் முக்கியமான இரண்டு பொருள்களைச் சொல்ல வேண்டும். அது பைக்கான விதி இல்லை. ஆனாலும் நான் அந்த அளவுகோலைத்தான் பிடித்துக்கொள்கிறேன். 35 சதவீதம் தோல் இருக்கிற பையைத் "தோல் பை" என்று தலைப்பில் போடக் கூடாது.

சரி, அந்த முன்பக்கத்துத் தோலாவது எந்தத் தோல்? மாட்டுத்தோல் தடிமனானது. தோல் பதனிடும் டேனரியில் அதை மெஷினில் கொடுத்து அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள். மயிர்க்கால் துளைகள் தெரிகிற மேல் அடுக்கு கிரெயின். அதில்தான் நார்கள் நெருக்கமாகப் பின்னி இருக்கும், உழைப்பதும் அதுதான். கீழ் அடுக்கு ஸ்பிளிட். அதற்கு இயற்கையான மேற்பரப்பு கிடையாது. அதனால் மேலே பியூ படலம் ஏற்றி, கிரெயின் மாதிரியே அச்சுப் பதிப்பார்கள். ஸ்பிளிட்டும் தோல்தான், விலை குறைந்த பைக்கு அதைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் வாங்குபவர் கையால் தொடுவது தோலை அல்ல, மேலே இருக்கிற படலத்தை. நாள்பட்டால் பளபளப்பு ஏறும், கையெண்ணெய் பட்டு நிறம் மெருகேறும் என்றெல்லாம் அதற்கு எழுதக் கூடாது. அது கிரெயின் தோலுக்கு, அதுவும் மேற்பூச்சு குறைவாக உள்ள தோலுக்கு மட்டும் பொருந்துகிற வாக்கியம். "ஜெனுயின் லெதர்" என்ற முத்திரை இந்த வித்தியாசம் எதையும் சொல்வதில்லை என்பதால், அதை விட்டுவிட்டு "பியூ பூசிய மாட்டு ஸ்பிளிட் தோல்" என்று எழுதச் சொல்கிறேன்.

விற்பவருக்கே எது எதுவென்று தெரியவில்லை என்றால்? முகர்ந்து பார்ப்பதை நம்ப வேண்டாம், தோல் வாசனையைச் செயற்கைத் துணியிலும் ஏற்றலாம். தண்ணீர்ச் சொட்டு விட்டுப் பார்ப்பதும் பயன்படாது. பூச்சு ஏறிய நல்ல தோலும் தண்ணீரை உறிஞ்சாது. நெருப்பு வைத்துப் பார்த்தாலும், பூசிய தோலில் முடி கருகும் வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும் கலந்தே வரும். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். லைனிங்கைக் கொஞ்சம் விலக்கினால் தையலுக்கு உள்ளே வண்ணம் பூசாத விளிம்பு இருக்கும். அடியில் நெய்த அல்லது பின்னிய துணி தெரிந்தால் செயற்கை. ஒழுங்கில்லாத நார்க்கற்றை தெரிந்தால் பெரும்பாலும் தோல். மேலே தனிப் படலமாக ஒரு கோடு தெரிந்தால் பூசிய ஸ்பிளிட்டாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதைவிட எளிதான ஒரு வழி, பை தைக்கத் தோலும் ஷீட்டும் வாங்கிய கொள்முதல் பில்லில் இருக்கிறது. அதில் பொருளின் வகையைக் குறிக்கிற எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள். பதனிட்டு முடித்த மாட்டுத்தோல் 4107, வெள்ளாட்டுத்தோல் 4113. பிளாஸ்டிக் பூசிய துணி 5903. சில பியூ ஷீட்டுகள் 39இல் தொடங்கும் எண்ணில் வரும். கவனிக்க வேண்டியது 4115. 41இல் தொடங்குவதால் தோல் என்று நினைக்கத் தோன்றும். அதில் தோல் துணுக்குகளை அரைத்துப் பசையோடு சேர்த்து ஷீட்டாக்கிய பாண்டட் லெதரும் வரும். அதைத் தோல் என்று மட்டும் எழுதினால் வாங்குபவரை ஏமாற்றுவதாகவே ஆகும். பில்லில் தவறான எண் போடுகிறவர்களும் உண்டு. அதனால் பில்லையும் வெட்டிய ஓரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பியூவை "வீகன் லெதர்" என்று எழுதுகிறார்கள். விலங்குத் தோல் இல்லை என்பது உண்மை. ஆனால் அது என்ன என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை. பாலியஸ்டர் துணிமேல் பாலியூரித்தேன் பூச்சு, அவ்வளவுதான். நம் ஊரில் ரெக்சின் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் துணிமேல் பி.வி.சி. பூசியது. இரண்டும் கெடுகிற விதம் வேறு. சாதாரண பியூ, காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்லச் சிதைந்து செதில் செதிலாக உரியும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்த பைகூட சில வருடத்தில் உரிவது இதனால்தான். பி.வி.சி. அப்படி உரியாது, மென்மை தருகிற எண்ணெய்ப்பொருள் வெளியேறிப் பிசுபிசுக்கும், அப்புறம் விறைத்து மடிப்பில் வெடிக்கும். ஆகவே பியூ பைக்குத் "தோலைப் போலவே உழைக்கும்" என்று எழுதக் கூடாது. லேசானது, துடைத்தால் சுத்தமாகும், விலை குறைவு. இந்த மூன்றும் உண்மை, விற்க இவையே போதும்.

துணியில் மிகை வருவது பெரும்பாலும் "வாட்டர்ப்ரூஃப்" என்ற ஒரே இடத்தில். 600 டெனியர் கனமுள்ள நூலில் நெய்த பாலியஸ்டரின் பின்புறம் பூச்சு இருந்தால் துணி வழியாகத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஆனால் தையல் துளையிலும் ஜிப்பிலும் இறங்கும். தூறல் தாங்கும் என்று எழுதலாம். பருத்தி கேன்வாஸ் என்றால், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று சொல்கிற ஜி.எஸ்.எம். எண்ணையும், துவைத்தால் சுருங்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

மேலே சொன்ன லேப்டாப் பைக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "முன்பக்கம்: பியூ பூசிய மாட்டு ஸ்பிளிட் தோல். பின்பக்கம், ஓரங்கள், அடிப்பாகம்: பியூ செயற்கைத் தோல், பாலியஸ்டர் துணி அடித்தளம். லைனிங்: பாலியஸ்டர். கைப்பிடி: பியூ." தலைப்பு: "லேப்டாப் பேக், செயற்கைத் தோல், முன்பக்கம் ஸ்பிளிட் தோல்". தளத்தில் பொருள் என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், பரப்பில் அதிகம் உள்ள செயற்கைத் தோலையே தேர்ந்தெடுங்கள். தேடலில் லெதர் என்று வராதே என்று கேட்கிறார்கள். வராதுதான். தோல் பை தேடுகிறவருக்கு இந்தப் பை வேண்டியதில்லை. காட்டி விற்றாலும் உள்தையலைப் பார்த்ததும் திருப்பி அனுப்பத்தான் போகிறார், போக வர கூரியர் செலவு நம் தலையில். 2020இல் வந்த மின்வணிக நுகர்வோர் விதிகளும், விளம்பரத்தில் சொல்வது பொருளின் உண்மையான தன்மையோடு ஒத்திருக்க வேண்டிய பொறுப்பை விற்பவர்மேல்தான் வைக்கின்றன.