பாட்டின் நடுவே பேசும்போது கவிதை வாசிக்காதீர்கள்

இரண்டு சரணங்களுக்கு நடுவில் இசையைத் தணித்துவிட்டு, பாடகர் சில வரிகளைப் பேசிவிட்டு மறுபடி பாட்டுக்குத் திரும்பும் வடிவம் இப்போது தனிப்பாடல்களில் நிறைய வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இது. அதனால்தான் அந்த இடத்தில் எதுகை மோனையோடு இன்னொரு கவிதை வந்து உட்காரும்போது கோபம் வருகிறது. அங்கே கவிதை வாசிக்கக் கூடாது, செய்தி சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

வில்லுப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும். புலவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கதை சொல்வார், பின்பாட்டுக்காரர்கள் 'ஆமாம்' போடுவார்கள். யார் வந்தார், என்ன கேட்டார், என்ன நடந்தது என்பதெல்லாம் பேச்சில் நகரும். அந்த நிகழ்ச்சி கிளப்பிய துக்கமோ ஆவேசமோ பாட்டாக எழும். பேச்சுக்கும் பாட்டுக்கும் வேலை வேறு வேறு. பேச்சும் உணர்ச்சியையே சொல்ல ஆரம்பித்தால், அடுத்து வரும் பல்லவிக்குச் செய்ய எதுவும் மிஞ்சாது.

ஓர் உதாரணத்தை எழுதிப் பார்ப்போம். பல்லவி இது: "கதவைச் சாத்தாதே அம்மா, இதோ வருகிறேன்." முதல் சரணத்தில் மகன் ஊரைவிட்டுப் போகிறான். அடுத்து பேச்சு, அதன்பின் மீண்டும் பல்லவி. பலரும் அந்த இடத்தில் "காலம் ஓடியது, கோலம் மாறியது" என்று எழுதுவார்கள். கேட்கிறவருக்குப் புதிதாக எதுவும் தெரிவதில்லை. நான் இப்படி எழுதுவேன்:

"ஐப்பசியில் வீட்டை விற்றோம். பத்திரத்தில் அம்மா கைநாட்டு வைத்தாள். வாங்கியவர் முதல் வேலையாகக் கதவைக் கழற்றினார். தேக்கு. நல்ல விலைக்குப் போயிருக்கும்."

இதில் அழுகை என்ற சொல்லோ பிரிவு என்ற சொல்லோ கிடையாது. ஆனால் இதைக் கேட்ட பிறகு அதே பல்லவி வரும்போது, சாத்துவதற்கே கதவில்லை என்று கேட்பவருக்குத் தெரியும். ஒரு சொல்லும் மாறாமல் பல்லவியின் பொருள் மாறிவிடுகிறது. இங்கே எழுதுபவருக்கு ஓர் ஆசை வரும்: "இனி எந்தக் கதவைச் சாத்துவாள்?" என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று. சேர்த்தால் பல்லவி சொல்ல வேண்டியதைப் பேச்சே சொல்லி முடித்துவிடும். அந்த வரியை இரக்கமில்லாமல் வெட்ட வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 80 தட்டு, ஒரு பாருக்கு 4 தட்டு என்றால் ஒரு பார் 3 விநாடி. எட்டு பார் ஒதுக்கினால் 24 விநாடி. இதைக் கேட்டதும் பலர் 50 சொற்கள் எழுதி வந்து மூச்சு வாங்க ஓடுகிறார்கள். மேலே உள்ள பேச்சில் இருப்பது 16 சொற்கள்தான். நிதானமாகச் சொன்னால் 12 விநாடி, வாக்கியங்களுக்கு இடையே விடும் மௌனத்தோடு ஏறக்குறைய 17. முதல் பாரைச் சும்மா விட்டால்தான் பாட்டு நின்றதைக் காது உணரும். கடைசி பாரும் காலியாக இருக்க வேண்டும். பல்லவி அனாகத எடுப்பாக, தட்டுக்குப் பின்னால் தொடங்கினால் பாடகருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதீத எடுப்பாக, தட்டுக்கு முன்பே தொடங்கினால் அந்தக் காலி பார்தான் மூச்சு எடுக்கும் இடம். அதைப் பேச்சு தின்றுவிட்டால் பல்லவியின் முதல் சொல் பலமிழந்து விழும்.

பேச்சு தாளத்தோடு ஒட்டிக்கொள்வது இன்னொரு கோளாறு. கண்டுபிடிப்பது எளிது. பதிவைக் கேட்கும்போது சொற்களுக்குத் தகுந்தபடி கால் தானாகத் தட்டினால், அது சந்தமாகிவிட்டது, பேச்சாக இல்லை. வாக்கிய நீளத்தைக் கலைத்தால் சரியாகும். மேலே 'தேக்கு' என்று ஒற்றைச் சொல் தனியாக நிற்பது அதற்காகவும்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் முதல் தட்டில் தொடங்காமல் சற்றுத் தள்ளித் தொடங்கினாலும் போதும்.

பின்னணியில் தாளமும் சுருதியும் தொடரலாம். புல்லாங்குழலோ வயலினோ மெட்டு வாசித்தால் காது அதன் பின்னால் போய்விடும், சொல் தொலையும். பாடும் குரலுக்கு வைத்த நீண்ட எதிரொலியையும் அங்கே குறைக்கச் சொல்லுங்கள். 'கழற்றினார்' போன்ற சொற்களின் மெய்யெழுத்துகள் அதில் கரைந்துபோகும். பேசுபவர் மைக்குக்கு நெருங்கி நின்று, மேடை நாடகக் குரலை விட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் விவரம் சொல்வதுபோலச் சொன்னால் போதும்.

எல்லாப் பாட்டும் இதைத் தாங்காது. முதல் சரணமே கதை முழுவதையும் சொல்லிவிட்டிருந்தாலோ, பல்லவிக்கு ஒரே பொருள்தான் உண்டு என்றாலோ, பேச்சு அதை எதுவும் செய்துவிட முடியாது. அப்போது அந்த எட்டு பாரையும் இடையிசைக்கே கொடுத்துவிடுவேன்.