அந்த G எந்தப் பக்கம் ஐயா?

நேற்று ராத்திரி 11 மணிக்கு, திருத்தி முடித்து மார்க் கூட்டிக் கட்டி வைத்திருந்த 64 விடைத்தாள்களையும் திரும்பப் பிரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம், கேள்வித்தாளில் யாரோ ஒருத்தர் செங்குத்தாகப் போட்ட ஒரு கோடு. கோபம் இன்னும் அடங்கவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பேப்பர் திருத்துகிறவர்களுக்கு இது புரியும், அந்தப் பேப்பர் எழுதி மார்க் பறிகொடுத்தவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

படத்தில் உள்ள பைனரி ட்ரீக்கு ப்ரீஆர்டர், இன்ஆர்டர், போஸ்ட்ஆர்டர் மூன்றையும் எழுத வேண்டும், தலைக்கு 2 மார்க். படம் இப்படி அச்சாகியிருந்தது:

```
        A
      /   \
     B     C
    / \     \
   D   E     F
       |    /
       G   H
```

E-க்குக் கீழே தொங்குகிறதே அந்த G, அது இடது பிள்ளையா வலது பிள்ளையா? பைனரி ட்ரீயில் "நடுப்பிள்ளை" என்று ஒன்று கிடையாது. ஒரே பிள்ளை இருந்தாலும் அது இடமோ வலமோ ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் ஆக வேண்டும், இடப்பக்கம் இருந்தால் ஒரு மரம், வலப்பக்கம் இருந்தால் வேறொரு மரம். இதை முதல் வாரத்திலேயே போர்டில் எழுதிப் போட்டுவிட்டு, பரீட்சையில் போய் நட்டநடுவில் தூக்குக் கயிறு மாதிரி கோடு இழுத்து வைத்தால் என்ன அர்த்தம்?

இதில் பெரிய வேதனை, நானும் முதல் சுற்றில் இதைக் கவனிக்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ப்ரீஆர்டரில் ஒரு நோடை எழுதிவிட்டுத்தான் அதன் இடது கிளை, அப்புறம் வலது கிளை. போஸ்ட்ஆர்டரில் கிளை இரண்டையும் முடித்துவிட்டுத்தான் நோடு. பிள்ளை ஒன்றே ஒன்று என்றால் அது எந்தப் பக்கம் இருந்தாலும் ப்ரீஆர்டரில் E, G என்றுதான் வரும், போஸ்ட்ஆர்டரில் G, E என்றுதான் வரும். ஆக, G இடதோ வலதோ, ப்ரீஆர்டர் `A B D E G C F H`, போஸ்ட்ஆர்டர் `D G E B H F C A`. பெரும்பாலான மாணவர்கள் இதையே எழுதியிருக்க, நானும் டிக், டிக் என்று போட்டுக்கொண்டே போய்விட்டேன்.

இன்ஆர்டரில்தான் நோடு நடுவில் வருகிறது, அங்கேதான் பக்கம் என்பதற்கே உயிர் வருகிறது. G இடது என்றால் `D B G E A C H F`. வலது என்றால் `D B E G A C H F`. விடைக் கீயில் முதலாவது இருந்தது. 27 பேர் இரண்டாவதை எழுதியிருந்தார்கள். 27 பேருக்கும் சிவப்பு மையில் சுழித்துவிட்டு, "இன்ஆர்டரே தெரியாத செட்டு" என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இப்போது கூசுகிறது. பேப்பர் கொடுத்த அன்று ஒரு பையன் வந்து, "சார், கோடு நேரா கீழ போகுது சார், நான் வலதுன்னு எடுத்துக்கிட்டேன், தப்பா?" என்று கேட்டான். கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை.

கீ தயாரித்தவரிடம் போன் போட்டால், "நான் சரிபார்த்தேனே சார்" என்கிறார். எதை வைத்து? ப்ரீஆர்டரையும் போஸ்ட்ஆர்டரையும் வைத்தாம், இரண்டும் பொருந்திவிட்டதாம். பொருந்தாமல் என்ன செய்யும்? இந்த மரத்தில் ஒற்றைப் பிள்ளை உள்ள நோடு மூன்று: E, C, F. அந்த மூன்றையும் இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றிச் சாய்த்தால் 8 வெவ்வேறு மரங்கள் கிடைக்கும், எட்டுக்கும் அதே ப்ரீஆர்டர், அதே போஸ்ட்ஆர்டர். அந்த இரண்டும் பொருந்துவது படம் சரி என்பதற்குச் சாட்சியே ஆகாது. "ப்ரீஆர்டரும் போஸ்ட்ஆர்டரும் மட்டும் கொடுத்தால் மரம் இதுதான் என்று அறுதியாகச் சொல்ல முடியாது" என்று பாடமாக எடுக்கிறோமே, அது கேள்வித்தாள் எடுக்கிறவருக்குப் பொருந்தாதா?

(நோடில் எழுத்துக்குப் பதில் எண் போட்டு பைனரி சர்ச் ட்ரீயாகக் கொடுத்திருந்தால் இந்த ரகளையே இல்லை. 40-க்குக் கீழே 35 தொங்கினால் கோடு எப்படி வளைந்திருந்தாலும் அது இடதுதான். ஆனால் அப்போது இன்ஆர்டர் வெறும் ஏறுவரிசை, மரத்தைப் பார்க்காமலே எழுதிவிடுவார்கள். அது வேறு வயிற்றெரிச்சல்.)

சரி, படத்தோடு முடிந்ததா? இல்லை. இதே படத்தில் C-யையும் H-ஐயும் பாருங்கள். H சரியாக C-க்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. எங்கேயோ டியூஷனில் ஒரு குறுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: மரத்துக்கு மேலே இருந்து வெளிச்சம் அடித்தால் நோடுகளின் நிழல் தரையில் எந்த வரிசையில் விழுகிறதோ அதுதான் இன்ஆர்டர் என்று. படம் ஒழுங்காக அகலம் விட்டு வரைந்திருந்தால் வேலை செய்யும். இங்கே C நிழலும் H நிழலும் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன. அந்த வழியில் போன நாலைந்து பேர் `A H C F` என்று முடித்திருக்கிறார்கள். இது தப்புதான், ஏனென்றால் H இருப்பது C-யின் வலது கிளைக்குள், C வந்த பிறகுதான் அது வர முடியும். இங்கே கோடுகள் தெளிவாகச் சாய்ந்திருப்பதால் மார்க் கொடுக்க முடியாது. அவர்களைத் தடுக்கி விழ வைத்ததில் படத்துக்கும் பங்கு உண்டு, ஆனாலும் கொடுக்க முடியாது.

இன்னொரு கூட்டம் `D B G E A H F C` என்று எழுதியது. C-க்கு இடது கிளை இல்லை என்பதை மறந்து, இருக்கிற ஒற்றைப் பிள்ளையை இடதாகவே வைத்துக்கொண்ட கூட்டம். C கடைசியில் போய் நின்றாலே இந்த வியாதிதான் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அப்புறம் எழுத்துகள். A-யிலிருந்து H வரை மேலிருந்து கீழாக அகராதி மாதிரி பெயர் வைத்ததால், அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி `A B C D E F G H` என்று எழுதிவிட்டு ப்ரீஆர்டர் என்கிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கையெழுத்து. C-யும் G-யும் அண்ணன் தம்பி. A-யின் தலை கொஞ்சம் திறந்துவிட்டால் H. E-யின் கீழ்க்கோடு மங்கினால் F. இந்த மூன்று ஜோடியும் ஒரே மரத்தில்! ஒரு விடைத்தாளில் ஓரெழுத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அது G-தான் என்று முடிவு செய்ய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. P, K, M, T என்று ஒன்றோடு ஒன்று குழம்பாத எழுத்தாகப் பொறுக்கி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இதற்கெல்லாம் மேலே, கீயை வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் திருத்துகிற பழக்கம். போஸ்ட்ஆர்டரில் ஒரு பெண் `D G E B H C A` என்று எழுதியிருந்தாள். F மட்டும் விட்டுப்போயிருக்கிறது. ஐந்தாவது எழுத்துவரை சரி, ஆறாவதிலிருந்து எல்லாமே கீயோடு ஒத்துப்போகாது, அதனால் "வரிசை தப்பு" என்று பூஜ்யம் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வரிசை தப்பே இல்லை, ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் இப்போதெல்லாம் கீயைக் கவிழ்த்து வைத்துவிட்டு மரத்தை வைத்தே பார்க்கிறேன். முதலில் எட்டு எழுத்தும் இருக்கிறதா என்று எண்ணுவேன். அப்புறம் பிள்ளை இல்லாத நோடுகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்ப்பேன். இந்த மரத்தில் D, G, H. மூன்று ஆர்டரிலும் இவை இதே வரிசையில்தான் வர வேண்டும், விதிவிலக்கே கிடையாது. ப்ரீஆர்டரைத் திருப்பிப் போட்டால் போஸ்ட்ஆர்டர் என்று நம்பி `H F C G E D B A` எழுதுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். கடைசியில் A வருவதால் பார்வைக்குச் சரி மாதிரியே இருக்கும், ஆனால் விரல் வைத்தால் H, G, D என்று தலைகீழாக ஓடும். அதற்கடுத்து B குடும்பம், அதாவது B, D, E, G நான்கும், நடுவில் வெளியாள் நுழையாமல் சேர்ந்தே நிற்கிறதா என்று பார்ப்பேன், C குடும்பத்துக்கும், E-G ஜோடிக்கும் அப்படியே. ப்ரீஆர்டரில் அப்பாவுக்கு அப்புறம்தான் பிள்ளை, போஸ்ட்ஆர்டரில் பிள்ளைக்கு அப்புறம்தான் அப்பா. இவ்வளவும் தேறினால் அந்த இரண்டு ஆர்டருக்கும் கீயே வேண்டாம். இன்ஆர்டருக்கு மட்டும் ஒவ்வொரு நோடிலும் நின்று, இடது கிளை முழுக்க முன்னால், வலது கிளை முழுக்கப் பின்னால் என்று பார்க்க வேண்டும். E-யில் வந்து நின்றால்? மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன கோடு.

ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். "கீயில இருக்கறபடி போடுங்க சார், இப்ப மாத்துனா எல்லா செக்ஷனுக்கும் மாத்தணும்" என்றார். மாற்றத்தான் வேண்டும் என்றேன். அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் இரண்டு விடையும் செல்லும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அப்படித்தான் நேற்று ராத்திரி அந்த 27 பேருக்கும் இரண்டிரண்டு மார்க்கைத் திருப்பிக் கொடுத்து, கூட்டலை அடித்து எழுதி, ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து வேறு.

இவ்வளவுக்கும், கீயைக் கையால் எழுதாமல் ஐந்து வரி நிரலில் போட்டிருந்தால் இது முளையிலேயே தெரிந்திருக்கும். மரத்தை டைப் செய்யும்போது E-க்கு இப்படி ஏதாவது ஒன்றைத்தான் எழுத முடியும்:

```python
("E", ("G", None, None), None)   # G இடது
("E", None, ("G", None, None))   # G வலது
```

அந்த `None` முன்னால் வருமா பின்னால் வருமா என்று முடிவு செய்யாமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாது. படம்தான் யாரையும் எதையும் கேட்பதில்லை. கோட்டை எப்படி இழுத்தாலும் வாங்கிக்கொள்ளும்.

இன்று காலை அடுத்த பரீட்சையின் கேள்வித்தாளைப் பார்வையிட என்னிடமே அனுப்பியிருந்தார்கள். மரம் வேறு, வியாதி அதே: K-க்குக் கீழே M நேராகத் தொங்கியது. அந்தக் கோட்டை நானே இடது பக்கம் நன்றாகச் சாய்த்து வைத்து, "M இடது பிள்ளை" என்று குறிப்பும் எழுதி அனுப்பினேன். மதியம் அச்சுக்குப் போகிற கடைசிப் பிரதி வந்தது. கூடவே ஒரு வரி: "சார், ஒரு கோடு கோணலா இருந்துச்சு, நேராக்கிட்டேன்."